பி.டி. டீச்சர் வேலைக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்

ஏப்ரல், மே மாதங்களில் நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதியைப் பார்த்தால் ‘உடற்கல்வி ஆசிரியர் தேவை’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அதே மாதங்களில்தான் பி.பி.எட். முடித்த பிள்ளைகள் கல்லூரியை விட்டு வெளியே வருகிறார்கள். அரசுப் பள்ளி வேலை என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு, தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று பாதை வேறு. அங்கே கடிதத்துக்கு இடமில்லை. தனியார் பள்ளிகளிலும், நிர்வாகமே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கல்வித்துறையின் ஒப்புதலுக்கு அனுப்பும் உதவிபெறும் பள்ளிகளிலும், முதலில் போய்ச் சேருவது ஒரு விண்ணப்பக் கடிதம்தான். அதை வைத்துத்தான் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவாகிறது.

புதிதாகப் படிப்பை முடித்தவர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ஆடிய ஆட்டங்கள், வாங்கிய பதக்கங்கள், கலந்துகொண்ட போட்டிகள் வரிசையாக வரும். கடைசியில் ‘பள்ளிக்குப் பெருமை சேர்ப்பேன்’ என்று முடியும். எழுதியவர் நல்ல ஆட்டக்காரர் என்பது அதிலிருந்து தெரிகிறது. அவரால் ஒரு வகுப்பை நடத்த முடியுமா என்பது தெரிவதில்லை. ஆள் தேடும் பள்ளிக்கு முக்கியமான கேள்வி இரண்டாவதுதான்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். விண்ணப்பதாரர் இருபத்துமூன்று வயதுப் பெண். பல்கலைக்கழகக் கபடி அணியில் ஆடியவர். இளநிலைப் பட்டம் முடித்து, அதன் பின் இரண்டு ஆண்டு பி.பி.எட். முடித்திருக்கிறார். சிறு நகரம் ஒன்றில் உள்ள மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறது. அவர் முதலில் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“நான் சிறு வயது முதலே விளையாட்டில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். கபடி, கோ-கோ, தடகளம் ஆகியவற்றில் பல பரிசுகள் பெற்றுள்ளேன். பல்கலைக்கழக அணிக்காக விளையாடியுள்ளேன். தங்கள் பள்ளியில் பணி வாய்ப்பு வழங்கினால் மாணவர்களை மாநில அளவில் வெற்றி பெறச் செய்வேன். ஒழுக்கத்தைக் கண்டிப்புடன் பேணுவேன் என உறுதி கூறுகிறேன்.”

பிழையில்லாத தமிழ்தான், பொய்யும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் இதையே இன்னும் ஐம்பது பேர் அனுப்பலாம். இந்தக் கடிதத்தை எங்கே திருத்துவது?

மேல்பகுதியில் பெரிதாக வேலை இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான வரிசை போதும். பொருள் வரியில் பதவியின் பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். உடற்கல்வி ஆசிரியரும் உடற்கல்வி இயக்குநரும் ஒன்றல்ல. மேல்நிலை வகுப்புகளுக்கான இயக்குநர் பதவிக்குத் தகுதி வேறு. பார்வை வரியில் விளம்பரம் வந்த நாளையும் இதழையும் குறித்துவிட்டால், அலுவலகத்தில் கடிதத்தைப் பிரிப்பவர் சரியான கோப்பில் வைப்பார். கடிதம் தமிழிலா ஆங்கிலத்திலா என்ற குழப்பத்துக்கும் விளம்பரமே விடை. அது எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுவது நல்லது.

தகுதியைச் சொல்லும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நான்காம் பருவத் தேர்வு முடிந்திருக்கும், முடிவு வந்திருக்காது. அல்லது முடிவு வந்து தற்காலிகச் சான்றிதழ் கையில் இருக்கும், பட்டம் பட்டமளிப்பு விழாவில்தான் கிடைக்கும். இதை மறைத்துப் பொதுவாக ‘பி.பி.எட். பட்டம் பெற்றவள்’ என்று எழுதினால், நேர்காணலில் சான்றிதழ் கேட்கும்போது சங்கடம். “நான்காம் பருவத் தேர்வை எழுதி முடித்துள்ளேன். முதல் மூன்று பருவ மதிப்பெண் பட்டியல்களை இணைத்துள்ளேன். இறுதி முடிவு வந்ததும் அனுப்புகிறேன்” என்று நேராகச் சொல்லிவிடலாம். புதிதாகப் படித்தவர் வேண்டும் என்று நினைக்கும் பள்ளிக்கு இந்த நிலைமை தெரிந்ததுதான். படித்த கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டு என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். பள்ளி பார்க்கும் முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று.

இனி கடிதத்தின் உயிரான பகுதி. முன் அனுபவம் இல்லாதவரிடம் எதைக் காட்டுவது என்ற கவலை எல்லோருக்கும் வரும். அனுபவம் இருக்கிறது. பி.பி.எட். படிப்பில் கற்பித்தல் பயிற்சி கட்டாயம். பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பு எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுதி, மேற்பார்வை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருப்பார்கள். அந்த நோட்டுதான் புதியவரின் சொத்து. மதிப்பெண் போட்டதும் அதை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கடிதம் எழுத உட்காரும்போது முதலில் பிரிக்க வேண்டியது பதக்கப் பெட்டியை அல்ல, அந்த அட்டைப்பெட்டியைத்தான்.

நம் விண்ணப்பதாரரும் நோட்டைப் பிரிக்கிறார். ஏழாம் வகுப்புக்கு எடுத்த வாலிபால் பாடம் ஒன்று இருக்கிறது. அன்றைய திறன் அண்டர் ஆர்ம் பாஸ், அதாவது இரண்டு முன்கைகளையும் சேர்த்து வைத்துக் கீழிருந்து பந்தை மேலே அனுப்புவது. பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். பள்ளியில் நல்ல வாலிபால் மூன்றுதான். பீரியட் நாற்பது நிமிடம். வகுப்பறையிலிருந்து வரிசையாக வந்து நின்று, வருகை எடுத்து, உடலைச் சூடாக்கி முடிக்கப் பத்து நிமிடம். கடைசியில் கலைந்து தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்ப ஆறு நிமிடம். மிச்சம் இருபத்துநான்கு நிமிடம்.

ஒரு பந்தை வைத்து எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் ஆடி நகர இருபது நொடி என்று வைத்தாலும், நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு சுற்று முடிய பதினான்கு நிமிடம். இருபத்துநான்கு நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டாவது முறை பந்து கிடைப்பதே சந்தேகம். மற்ற நேரமெல்லாம் வெயிலில் நிற்பதுதான். நிற்கிற பிள்ளை பேசும், தள்ளும், சண்டை போடும். அதை அடக்கத்தான் ஆசிரியர் விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அவர் அன்று செய்தது வேறு. மூன்று வாலிபாலோடு, கடையில் கிடைக்கும் லேசான ரப்பர் பந்து நான்கு வாங்கிச் சேர்த்து ஏழு பந்தாக்கினார். ஆறு ஆறு பேராக ஏழு குழு. இப்போது ஒரு சுற்று இரண்டே நிமிடம். அதே இருபத்துநான்கு நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டு முறை வாய்ப்பு. லேசான பந்து என்பதால் கை வலிக்கும் என்ற பயமும் குறைந்தது.

ஆனாலும் பாதிப் பேருக்குப் பந்து முகத்தை நோக்கியோ தலைக்குப் பின்னாலோ போனது. காரணம் முழங்கை மடங்குவது. பந்து வரும்போது பிள்ளைகள் பயத்தில் கையைத் தூக்கி மடக்குகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பந்து பட்ட இடம் சிவந்திருக்கும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையில் சிவந்திருந்தால் சரியாக ஆடுகிறார்கள். உள்ளங்கையிலோ கட்டை விரலிலோ வலி என்றால் தவறாக ஆடுகிறார்கள். அவர் பாடத்தை நிறுத்தி, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து ஒருவர் மெதுவாகப் பந்தை வீச, மற்றவர் கையை நீட்டி, முழங்காலை மடக்கி எழும் விசையிலேயே பந்தை அனுப்பும்படி மாற்றினார். கையை ஆட்டக் கூடாது, காலால் எழ வேண்டும் என்ற ஒரே அறிவுரை. இதெல்லாம் நோட்டில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த ஒரு பாடத்தைக் கடிதத்தில் எழுதினால் போதும். திருத்திய பத்தி இப்படி வரும்:

“கற்பித்தல் பயிற்சியில் ஏழாம் வகுப்பில் நாற்பத்திரண்டு மாணவர்களுக்கு வாலிபால் அடிப்படைத் திறன்களைக் கற்பித்தேன். பள்ளியில் பந்துகள் மூன்றே இருந்ததால் லேசான ரப்பர் பந்துகளையும் சேர்த்து ஏழு குழுக்களாகப் பிரித்தேன். வரிசையில் காத்து நிற்கும் நேரம் குறைந்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பீரியடில் பத்து முறைக்கு மேல் பந்தை ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. பலர் முழங்கையை மடக்குவதைக் கவனித்து, பாடத்தின் நடுவே பயிற்சியை எளிமையாக்கினேன். அந்தப் பாடக்குறிப்பின் நகலை இணைத்துள்ளேன்.”

இதில் ‘ஆர்வம்’, ‘உழைப்பு’, ‘பெருமை’ என்ற சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கூட்டத்தைக் கையாளத் தெரியும், குறைந்த பொருளை வைத்துச் சமாளிக்கத் தெரியும், பிள்ளையின் உடலைப் பார்த்துத் தவற்றைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று மூன்றும் படிக்கிற தலைமை ஆசிரியருக்குப் புரிந்துவிடும். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் பழகிப்போன காட்சி. அந்த நாற்பது நிமிடத்தில் எதுவும் நடக்கவில்லை என்று மற்ற ஆசிரியர்கள் நினைப்பதும் அதற்கு ஒரு காரணம். நடக்கிறது என்று காட்டத் தெரிந்தவரைத்தான் ஒரு நல்ல பள்ளி தேடும்.

பதக்கங்களை அப்படியே விட்டுவிடுவதா? வேண்டாம். ஒரு வாக்கியத்தில், பள்ளிக்குப் பயன்படும் விதமாகச் சொல்ல வேண்டும். “பல்கலைக்கழகக் கபடி அணியில் ஆடியுள்ளேன். தங்கள் பள்ளி மாணவியர்க்குக் குறுவட்டப் போட்டிக்கான கபடி அணியை அமைத்துப் பயிற்சி தர முடியும்.” குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் படிப்படியாக நடப்பது பள்ளி நடத்துபவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாரதியார் நாள், குடியரசு நாள் விளையாட்டுப் போட்டிகளுக்கு வயதுப் பிரிவு பார்த்துப் பெயர்ப் பட்டியல் அனுப்புவது, பிறந்த தேதிச் சான்று சேர்ப்பது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது எல்லாம் இந்த ஆசிரியர் தலையில்தான். குறுவட்டம் என்று குறிப்பாக எழுதும்போது இந்த வேலையின் நடைமுறை அவருக்குத் தெரியும் என்பது விளங்கும். மாறாக, ‘மாநில அளவில் வெற்றி பெறச் செய்வேன்’ என்பது யாராலும் கொடுக்க முடியாத வாக்குறுதி. பிள்ளைகளைப் பார்க்காமலே அப்படிச் சொல்வதை அனுபவமுள்ள தாளாளர் நம்ப மாட்டார்.

கடிதத்தில் எழுதும் ஒவ்வொன்றும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும் என்பதை நினைவில் வைத்துத்தான் எழுத வேண்டும். ‘தடகள மைதானம் குறிக்கத் தெரியும்’ என்று பலர் எழுதுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மூத்த உடற்கல்வி இயக்குநர் உடனே கேட்பார்: “நம்ம கிரவுண்டுல 200 மீட்டர் டிராக்தாம்மா போட முடியும். ஒரு சுற்று ஓட்டத்துக்கு ரெண்டாவது லேனுக்கு எவ்வளவு முன்னால கோடு போடுவீங்க?” 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 7.04 மீட்டர் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்திருப்பார்கள். தடம் பாதி என்பதால் இதுவும் பாதி என்று அவசரத்தில் சொன்னால் தவறு. லேனின் அகலம் அதே 1.22 மீட்டர் என்றால் 200 மீட்டர் தடத்திலும் ஒரு சுற்றுக்கு அதே 7.04 மீட்டர்தான். காரணம் எளிது. இரண்டாவது லேனில் ஓடுபவர் அதிகமாக ஓடும் தூரம், வட்டம் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது இல்லை, அவர் எவ்வளவு வெளியே தள்ளி ஓடுகிறார் என்பதை மட்டுமே பொறுத்தது. முதல் லேனை உள் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும் மற்ற லேன்களை 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பதால் இரண்டு ஓட்டப் பாதைகளுக்கும் இடைவெளி 1.12 மீட்டர். அதை இரண்டு பையால் பெருக்கினால் 7.04 வந்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்ல முடிந்தவர் ‘மைதானம் குறிக்கத் தெரியும்’ என்று தாராளமாக எழுதலாம். சொல்ல முடியாதவர் அந்த வரியை எடுத்துவிட்டு, உண்மையில் கை வைத்துச் செய்ததை எழுதட்டும். ‘கல்லூரி விளையாட்டு விழாவில் கபடிக் களம் குறித்தேன், நடுவர் குழுவில் புள்ளி எழுதினேன்’ என்பதும் மதிப்புள்ள வரிதான்.

ஒழுக்கம் பற்றிய வரிக்கு வருவோம். காலைப் பிரார்த்தனைக் கூட்டம், வரிசை, சீருடை, மணி அடித்ததும் வராந்தாவில் ஓடும் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் பள்ளிகள் பி.டி. ஆசிரியரைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே இந்த வரியை விட முடியாது. ஆனால் ‘கண்டிப்புடன்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மனத்தில் பிரம்பு வந்து நிற்கும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தைகளுக்கு உடல்ரீதியான தண்டனையும் மனத்தைத் துன்புறுத்துவதும் கூடாது என்கிறது. தாமதமாக வந்த பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதும், தோப்புக்கரணம் போட வைப்பதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஓட்டத்தைக் கற்பிக்க வந்தவரே ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் ஓட்டத்தை வெறுக்கும். இது என் உறுதியான கருத்து. எனவே அவர் இப்படித் திருத்துகிறார்: “கூட்டம், வரிசை, மைதானத்துக்கு வந்து போகும் ஒழுங்கு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே பழக்கி, அடிக்காமலும் உடற்பயிற்சியைத் தண்டனையாக்காமலும் நடத்துவேன்.”

பாதுகாப்புக்கும் ஒரு வரி வேண்டும். குண்டு எறிதல் பயிற்சியில் எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து எறிய வேண்டும், விசில் ஊதிய பிறகுதான் எடுக்கப் போக வேண்டும் என்பது அடிப்படை. இந்த விதி தளர்ந்தால் விபத்து நிச்சயம். முதலுதவிப் பயிற்சிச் சான்று இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கிய பிறகே ஓட்டப் பயிற்சியைத் தொடங்குவேன் என்று எழுதும் புதியவரைப் பார்ப்பது அபூர்வம். எழுதினால் அந்தக் கடிதம் தனியாகத் தெரியும். மாணவியர் பகுதியில் பெண் ஆசிரியரைப் பள்ளிகள் விரும்பிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மாதவிடாய் நாளில் ஒரு பிள்ளை ஓரமாக உட்கார வேண்டும் என்றால் அதை ஒரு ஆண் ஆசிரியரிடம் சொல்லத் தயங்கி, பொய்க் காரணம் சொல்லும். நம் விண்ணப்பதாரர் இதைத் தன் பலமாக எழுதலாம், கூச்சம் தேவையில்லை. ஆண் விண்ணப்பதாரர் என்றால், மாணவியர் பயிற்சிக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் ஓர் ஆசிரியை உடன் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வேன் என்று எழுதுவது நல்லது. போக்சோ சட்டம் வந்த பிறகு பள்ளி நிர்வாகங்கள் இதில் மிகக் கவனமாக இருக்கின்றன.

முழுக் கடிதமும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தைக் கடிதத்தில் கேட்க வேண்டியதில்லை, விளம்பரம் எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதச் சொல்லியிருந்தால் மட்டும் எழுதலாம். இணைப்பில் நகல்கள் மட்டும் போகட்டும். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களைப் பள்ளியிலேயே வைத்துவிடச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். வேறு நல்ல வேலை வரும்போது அந்தத் தாள்களுக்காக அலைந்தவர்கள் நிறைய.

கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் மாலையில் அந்தப் பள்ளிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவது பெரிய உதவி. மைதானம் எவ்வளவு, மரம் உண்டா, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் விண்ணப்பதாரர் போய்ப் பார்த்தபோது வாலிபால் கம்பம் இருந்தது, வலை இல்லை. கபடிக்கு மண் தரை நன்றாக இருந்தது. உடனே கடிதத்தின் கடைசிப் பத்தி மாறிவிட்டது: “தங்கள் பள்ளி வளாகத்தின் மேற்குப் பகுதி மண் தரையில், பெரிய செலவில்லாமல், மாணவியர்க்கான 12க்கு 8 மீட்டர் கபடிக் களம் அமைக்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் முதல் பருவத்திலேயே அதைத் தொடங்க விரும்புகிறேன்.” இந்த வரியை வேறு எந்தப் பள்ளிக்கும் அனுப்ப முடியாது.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘உடற்கல்வி ஆசிரியர் தேவை, தகுந்த சம்பளம்’ என்று இரண்டே வரியில் விளம்பரம் கொடுத்துவிட்டு, வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை. எந்த வகுப்புகளுக்கு ஆள் வேண்டும், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மைதானம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை பீரியட், சம்பளம் என்ன என்று இன்னும் மூன்று வரி சேர்த்துக் கொடுங்கள். படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அதற்கேற்ற கடிதத்தை எழுதி அனுப்புவார்கள்.